மூலையா, கர்ணமா?

ஒட்டுப்பலகை ஒன்று அறுத்தது போக மிச்சமாக ஒரு செங்கோண முக்கோணத் துண்டு கிடக்கிறது. செங்கோணத்தை ஒட்டிய பக்கங்கள் 50 செ.மீ., 120 செ.மீ.; கர்ணம் 130 செ.மீ. இதிலிருந்து முடிந்தவரை பெரிய சதுரம் ஒன்றை எடுக்க வேண்டும். எங்கிருந்து வெட்டுவது?

முக்கோணத்துக்குள் அடங்கும் மிகப்பெரிய சதுரத்தின் ஒரு பக்கம் முக்கோணத்தின் ஏதாவது ஒரு பக்கத்தின் மேல் படிந்துதான் இருக்கும். ஆகவே நமக்கு இருப்பது இரண்டே வழி. ஒன்று, சதுரத்தின் மூலையைச் செங்கோண மூலையில் பொருத்துவது. மற்றொன்று, கர்ணத்தின் மேல் சதுரத்தை உட்கார்த்துவது. நீளமான பக்கம் கர்ணம்தானே, அங்கேதான் இடம் தாராளம் என்று பலருக்கும் தோன்றும்.

முதலில் மூலைச் சதுரம். செங்கோண மூலையிலிருந்து சதுரத்தின் எதிர்மூலைக்கு ஒரு கோடு இழுங்கள். முக்கோணம் இரண்டாகப் பிரியும். ஒன்றின் அடி 50, மற்றதன் அடி 120. இரண்டின் உயரமும் சதுரத்தின் பக்கமேதான். இரண்டு பரப்பையும் கூட்டினால் முழு முக்கோணத்தின் பரப்பு வர வேண்டும். எனவே பக்கத்தை 170-ஆல் பெருக்கினால் 6000. பக்கம் சுமார் 35.3 செ.மீ.

இது பழைய கணக்கு. 'கணிதக் கலையின் ஒன்பது அத்தியாயங்கள்' என்ற சீன நூலின் கடைசி அத்தியாயத்தில் 5, 12 என்ற பக்கங்களுடன் இதே கேள்வி இருக்கிறது. விடை பதினேழில் அறுபது. பொ.ஆ. 263-இல் அதற்கு உரை எழுதிய லியூ ஹுய், முக்கோணத்தை வண்ணத் துண்டுகளாக்கி மாற்றி அடுக்கியே இதை விளக்கிவிட்டார்.

இனி கர்ணம். அதை அடியாக வைத்தால் முக்கோணத்தின் உயரம் 6000-ஐ 130-ஆல் வகுத்தது, ஏறக்குறைய 46.2. சதுரத்துக்கு மேலே மிஞ்சும் சிறு முக்கோணம் முழு முக்கோணத்தின் வடிவொத்தது. அதை வைத்துக் கணக்கிட்டால் முன்பு வந்த அதே அமைப்புதான் வருகிறது: அடியையும் உயரத்தையும் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். பெருக்கல் மீண்டும் 6000. கூட்டுத்தொகையோ 176.2. விடை சுமார் 34.1 செ.மீ.தான்.

சூட்சுமம் இங்கே இருக்கிறது. எந்தப் பக்கத்தை அடியாக வைத்தாலும் பெருக்கல் பரப்பின் இருமடங்குதான், அது மாறாது. கூட்டுத்தொகை எதில் சிறிதோ அதில் சதுரம் பெரிது. கர்ணத்தையும் அதன் உயரத்தையும் கூட்டி வர்க்கப்படுத்திப் பாருங்கள். பிதாகரஸ் தேற்றத்தின்படி, அது மற்ற இரு பக்கங்களின் கூட்டுத்தொகையின் வர்க்கத்தைவிட உயரத்தின் வர்க்கம் அளவுக்கு எப்போதும் கூடுதல். ஆக, செங்கோண முக்கோணம் எதுவானாலும் மூலைக்கே வெற்றி.

ஆனால் வித்தியாசம் சிறியது. நம் பலகையில் 1.2 செ.மீ.தான், பக்கங்கள் 10, 100 என்று ஒல்லியாக இருந்தால் அரை மில்லிமீட்டர்கூட இல்லை, ரம்பத்தின் வாயே அதைத் தின்றுவிடும். இரு பக்கமும் சமமானால் மூலைச் சதுரம் பலகையில் சரிபாதியை எடுத்துக்கொள்ளும், கர்ணச் சதுரம் ஒன்பதில் நான்கு பங்கை.

வெட்டுவதற்குக் கணக்கே போட வேண்டாம். செங்கோணத்தை இருசமமாகப் பிரித்து ஒரு கோடு இழுங்கள். அது கர்ணத்தைத் தொடும் புள்ளிதான் சதுரத்தின் எதிர்மூலை.