ஒரு நாளுக்கு இரண்டு விலை

வேலையை விட்டு விலகுகிறவர் கையில் நிறுவனம் கடைசியாகக் கொடுக்கும் தாளை அலுவலகங்களில் ‘எஃப் அண்ட் எஃப்’ என்பார்கள். ‘ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்’ என்பதன் சுருக்கம் அது. கடைசி மாதச் சம்பளம், நிலுவையில் உள்ள செலவுத்தொகை, பிடித்தங்கள் என்று அதில் பல வரிகள் இருக்கும். பெரும்பாலானவற்றில் சண்டைக்கு இடமில்லை. சண்டை வருவது இரண்டு வரிகளில்: முழுதாக முடிக்காத நோட்டீஸ் காலத்துக்காக நிறுவனம் பிடிக்கும் தொகை, எடுக்காமல் விட்ட விடுப்புக்காக நிறுவனம் கொடுக்கும் தொகை. ஒன்று ஊழியர் தர வேண்டிய நாட்களுக்கான விலை. மற்றது ஊழியருக்கு வர வேண்டிய நாட்களுக்கான விலை. அதே ஊழியர், அதே மாதம், ஆனால் இரண்டு வரிகளிலும் ஒரு நாளின் விலை ஒன்றாக இருப்பது அபூர்வம்.

சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் மூன்று ஆண்டு நான்கு மாதம் வேலை பார்த்த ஓர் ஊழியரைக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 60,000 ரூபாய். அதில் பேசிக் 30,000, வீட்டு வாடகைப் படி 15,000, சிறப்புப் படி 15,000. நோட்டீஸ் காலம் 60 நாள். ஜூன் 1-ஆம் தேதி ராஜினாமா மின்னஞ்சல் அனுப்புகிறார். புதிய நிறுவனம் ஜூலை முதல் தேதியே வரச் சொல்வதால் ஜூன் 30-ஆம் தேதியோடு கிளம்புகிறார். 30 நாள் வேலை பார்த்தாயிற்று, 30 நாள் குறைகிறது. ஈட்டிய விடுப்பு 18 நாள் மிச்சம். பி.எஃப்., வருமான வரிப் பிடித்தங்களை இப்போதைக்கு ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதைப் பார்ப்போம்.

பல நிறுவனங்கள் நோட்டீஸ் குறைவை மொத்தச் சம்பளத்தின் மீது, அதாவது ‘கிராஸ்’ மீது கணக்கிடுகின்றன. 60,000-ஐ 30-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 2,000. முப்பது நாளுக்கு 60,000 ரூபாய் பிடித்தம். விடுப்புக்கான பணத்தை மட்டும் பேசிக் மீது கணக்கிடுகின்றன. நாளொன்றுக்கு 1,000, பதினெட்டு நாளுக்கு 18,000. ஆக, ஜூன் மாதச் சம்பளம் 60,000, விடுப்புப் பணம் 18,000, பிடித்தம் 60,000 போக, ஒரு மாதம் முழுக்க வேலை பார்த்தவருக்குக் கையில் வருவது 18,000 ரூபாய்.

இதே தாளை வேறு விதமாகவும் போடலாம். இரண்டு வரிக்கும் கிராஸ் என்று வைத்தால் விடுப்புப் பணம் 36,000 ஆகிவிடும், கையில் வருவதும் 36,000. இரண்டுக்கும் பேசிக் என்று வைத்தால் பிடித்தம் 30,000 ஆகக் குறையும், கையில் 48,000 வரும். ஊழியர் பார்த்த வேலை மாறவில்லை, விடுப்பு மாறவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளில் கையெழுத்திட்ட நியமனக் கடிதத்தில் ‘பேசிக்’ என்று இருந்ததா ‘கிராஸ்’ என்று இருந்ததா என்பது மட்டும்தான் 30,000 ரூபாய் வித்தியாசத்தைத் தீர்மானிக்கிறது.

அதனால் சம்பளக் கணக்காளரிடம் வாதாடப் போகும் முன் எடுத்துப் படிக்க வேண்டியது அந்தக் கடிதத்தைத்தான். ‘நோட்டீஸ் காலம் அல்லது அதற்கு ஈடான சம்பளம்’ என்ற வாசகத்தில் ‘சம்பளம்’ என்பதற்கு என்ன பொருள் கொடுத்திருக்கிறார்கள்? விடுப்புக் கொள்கை வேறு ஆவணமாக இருந்தால் அதில் என்ன இருக்கிறது? கடிதம் பேசிக் என்று சொல்லியிருக்க, தாளில் கிராஸ் மீது பிடித்திருந்தால் அது தவறு. அந்தப் பத்தியைச் சுட்டிக்காட்டித் திருத்தச் சொல்லலாம். சில தாள்களில் இன்னும் ஒரு படி மேலே போய், ‘சிடிசி’ எனப்படும் ஆண்டுச் செலவுத் தொகையை 365-ஆல் வகுத்துப் பிடிக்கிறார்கள். நிறுவனம் தன் பங்காகச் செலுத்தும் பி.எஃப்., பணிக்கொடைக்காக ஒதுக்கும் தொகை எல்லாம் அதில் அடக்கம். ஊழியரின் கைக்கு மாதச் சம்பளமாக ஒருபோதும் வராத பணத்தை அவரிடமிருந்தே பிடிப்பது நியாயமில்லை. கடிதத்தில் வெளிப்படையாக எழுதியிருந்தாலொழிய அதை எதிர்த்துக் கேட்க வேண்டும்.

வகுக்கும் எண்ணையும் கவனிக்க வேண்டும். சிலர் 30-ஆல் வகுப்பார்கள், சிலர் வாரவிடுமுறை நீங்கலாக 26-ஆல் வகுப்பார்கள். 30,000 ரூபாய் பேசிக்கை 26-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு சுமார் 1,154 ரூபாய். பதினெட்டு நாளுக்கு 20,769. கொடுக்கும்போது 30, பிடிக்கும்போது 26 என்று ஒரே தாளில் இருந்தால் அதற்கு விளக்கம் கேட்காமல் கையெழுத்திடக் கூடாது.

பிடித்தமும் கொடுப்பனவும் வெவ்வேறு விலையில் இருக்கும்போது ஊழியருக்கு ஒரு வழி திறக்கிறது. மீதமுள்ள விடுப்பை நோட்டீஸ் குறைவோடு நேர் செய்யும்படி கேட்பதுதான் அது. நம் எடுத்துக்காட்டில் 18 நாள் விடுப்பை 30 நாள் குறைவில் கழித்தால் மீதிக் குறைவு 12 நாள். நாளுக்கு 2,000 வீதம் பிடித்தம் 24,000. விடுப்புப் பணம் கிடைக்காது. ஆனாலும் கையில் 36,000 வரும். விடுப்பைப் பணமாக வாங்கினால் ஒரு நாளுக்கு 1,000 ரூபாய், குறைவில் கழித்தால் அதே நாள் 2,000 ரூபாயை மிச்சப்படுத்துகிறது. இப்படி நேர் செய்வது பல இடங்களில் நிறுவனத்தின் சம்மதத்தைப் பொறுத்தது. ஆகவே கடைசி நாளுக்குப் பிறகு கேட்டுப் பயனில்லை. ராஜினாமா கொடுக்கும்போதே, வெளியேறும் தேதியைப் பேசி முடிவு செய்யும்போதே, மேலாளரிடமும் எச்.ஆரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிட வேண்டும்.

நோட்டீஸ் நாட்களை எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறார்கள் என்பதிலும் பணம் இருக்கிறது. ஊழியர் ஜூன் 1-ஆம் தேதி அனுப்பிய கடிதத்தை மேலாளர் ஜூன் 5-ஆம் தேதிதான் கணினியில் ஏற்றுக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். எச்.ஆர். அந்தத் தேதியிலிருந்து எண்ணினால் பார்த்த நாள் 26 ஆகும், குறைவு 34 ஆகும். நான்கு நாள் தாமதம் மேலாளருடையது, 8,000 ரூபாய் ஊழியருடையது. கடிதம் வேறு விதமாகச் சொல்லாதபோது, ராஜினாமா நிறுவனத்தின் கைக்குச் சேர்ந்த நாள்தான் தொடக்கம் என்று வாதிட வேண்டும். ராஜினாமா மின்னஞ்சலின் நகலைச் சொந்த முகவரிக்கும் அனுப்பி வைத்துக்கொள்வது இதற்குத்தான். நிறுவனக் கணக்கு கடைசி நாள் மாலையே மூடப்பட்டுவிடும்.

எந்த விடுப்புக்குப் பணம் கிடைக்கும் என்பதில் பலருக்குக் குழப்பம். தற்செயல் விடுப்புக்கும் நோய் விடுப்புக்கும் பொதுவாகப் பணம் கிடையாது, ஈட்டிய விடுப்புக்குத்தான். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன்படி ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு ஆண்டுக்கு 12 நாள் சம்பளத்துடன் விடுமுறை உண்டு, 24 நாள் வரை சேர்த்து வைக்கலாம். அந்தச் சட்டத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. விடுமுறை கேட்டு, மறுக்கப்பட்டு, அதன்பின் விலகினால் அந்த நாட்களுக்குச் சம்பளம் தர வேண்டும் என்கிறது. ‘இப்போது வேண்டாம், அடுத்த மாதம் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று மேலாளர் அனுப்பிய பதிலை அழித்துவிடாமல் வைத்திருந்தால் அது இங்கே ஆதாரமாகும். சட்டம் சொல்வதைவிட நிறுவனத்தின் கொள்கை தாராளமாக இருந்தால் ஊழியருக்குக் கிடைக்க வேண்டியது அந்தக் கொள்கைப்படிதான்.

இனி வரி. விலகும்போது வாங்கும் விடுப்புப் பணத்துக்குத் தனியார் ஊழியருக்கும் வரிவிலக்கு உண்டு. ராஜினாமா செய்தவருக்கும் அது பொருந்தும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாழ்நாள் உச்சவரம்பு 3 லட்சம் ரூபாயாக இருந்தது. 2023 ஏப்ரல் முதல் 25 லட்சமாக உயர்ந்தது. இதோடு பத்து மாத சராசரிச் சம்பளம், பணிபுரிந்த முழு ஆண்டுக்கு 30 நாள் என்ற வரம்புகளும் உண்டு. நம் ஊழியரின் 18,000 ரூபாய் எல்லா வரம்புக்கும் கீழே இருப்பதால் முழுதும் விலக்கு. வேலையில் இருக்கும்போதே விடுப்பை விற்றுப் பணம் வாங்கினால் இந்த விலக்கு கிடையாது. தாளில் இந்தத் தொகைக்கும் வரி பிடித்திருந்தால் கேட்டுத் திருத்தலாம், அல்லது ஆண்டு வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது விலக்கைக் கோரலாம்.

பிடித்த நோட்டீஸ் தொகைக்கு வரி கட்ட வேண்டுமா என்பது இவ்வளவு தெளிவானதல்ல. நிறுவனம் தரும் படிவம் 16-இல் ஜூன் சம்பளம் 60,000 என்று முழுதாக நிற்கும். பிடித்த 60,000 அங்கே பெரும்பாலும் கழிக்கப்படுவதில்லை. கைக்கு வராத பணத்துக்கும் வரி என்றாகிறது. 2017-இல் அகமதாபாத் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இப்படியொரு வழக்கில் ஊழியருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது: நிறுவனம் பிடித்துக்கொண்ட தொகை போக, உண்மையில் கிடைத்த சம்பளத்துக்குத்தான் வரி என்றது. இதைக் காட்டிக் கழிவு கோரலாம். வரி அதிகாரி ஒப்புக்கொள்ளாமல் கேள்வி கேட்கவும் வாய்ப்புண்டு. புதிய நிறுவனம் இந்தத் தொகையை ஈடுகட்டினால் அது புதிய சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும்.

ஜி.எஸ்.டி. விஷயத்தில் மட்டும் சந்தேகம் வேண்டாம். நோட்டீஸ் பிடித்தத்தின் மேல் 18 சதவீத வரி என்று ஒரு வரி சேர்ந்திருந்தால் அது செல்லாது. பழைய சேவை வரிக் காலத்து வழக்கு ஒன்றில், ஊழியரிடம் பிடிக்கும் நோட்டீஸ் தொகைக்குச் சேவை வரி இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. 2022 ஆகஸ்டில் மத்திய மறைமுக வரிகள் வாரியமும் ஜி.எஸ்.டி.க்கு அதையே சுற்றறிக்கையாகச் சொல்லிவிட்டது.

பணம் எப்போது வர வேண்டும்? செட்டில்மென்டுக்கு 30 நாள், 45 நாள் என்று நிறுவனங்கள் சொல்லிப் பழகிவிட்டன. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, விலகியவரின் ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது. நீக்கப்பட்டவருக்கு மட்டுமல்ல, தானாக ராஜினாமா செய்தவருக்கும் அது பொருந்தும். ஐந்தாண்டு பணி முடித்தவருக்கான பணிக்கொடைக்கு 30 நாள் என்ற தனிக் கெடு உண்டு. பி.எஃப். பணம் இந்தத் தாளில் வராது, அது ஊழியரின் கணக்கிலேயே இருக்கும்.

தாள் கைக்கு வந்ததும் ‘இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வாசகத்தின் கீழ் கையெழுத்துக் கேட்பார்கள். கணக்கில் மறுப்பு இருந்தால், எந்த வரியில் எவ்வளவு என்று குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, தொகையை மறுப்புடன் பெற்றுக்கொள்வதாக எழுதிக் கையெழுத்திடலாம். பேசித் தீராவிட்டால் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் மூன்று ஆண்டுகளுக்குள் மனுக் கொடுக்கலாம். நியமனக் கடிதம், விடுப்புக் கொள்கை, ராஜினாமா மின்னஞ்சல், கடைசி நாளில் எடுத்த விடுப்பு இருப்பின் பக்கம், செட்டில்மென்ட் தாள் ஆகிய ஐந்தும் மனுவோடு இருக்க வேண்டும். இவற்றில் விடுப்பு இருப்பின் பக்கத்தைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். நிறுவனக் கணக்கு மூடிய பிறகு 18 நாள் இருந்தது என்பதற்கு நிறுவனத்தின் பதிவு தவிர வேறு சாட்சி இருக்காது.