விட்டுப்போன தடுப்பூசியை எங்கிருந்து தொடர்வது?

“நாள் ரொம்பத் தள்ளிப்போச்சு சிஸ்டர். மறுபடியும் முதல்லேர்ந்து போடணுமா?”

தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி நாளான புதன்கிழமைகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. கேட்கும் தாயின் குரலில் குற்றவுணர்வும் இருக்கும், திட்டு விழுமோ என்ற பயமும் இருக்கும். பதில் என்னவோ சின்னதுதான்: வேண்டாம். ஏற்கெனவே போட்ட டோஸ் எதுவும் வீணாகாது. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும்.

ஒரு குழந்தையின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். ஜனவரி 5-ஆம் தேதி பிறந்த குழந்தை என்று வைத்துக்கொள்வோம். பிறந்தவுடன் பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, மஞ்சள் காமாலை ஊசி எல்லாம் ஆயிற்று. ஆறு வாரம் முடிந்து, பிப்ரவரி 18-இல் முதல் தவணை: பென்டா, போலியோ சொட்டு, போலியோ ஊசி, ரோட்டா சொட்டு, நிமோனியா தடுப்பூசி. அடுத்த தவணைக்கு வர வேண்டிய மார்ச் மாதத்தில் குழந்தைக்கு மூச்சிரைப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குணமானதும் தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கணவர் வேலை பார்க்கும் வெளியூருக்குப் போய்விட்டார். ஊர் திரும்பியபோது ஆகஸ்ட். குழந்தைக்கு ஏழு மாதம்.

ஆகஸ்ட் 12, புதன்கிழமை. அன்று பென்டா இரண்டாம் டோஸ், போலியோ சொட்டு, ரோட்டா இரண்டாம் டோஸ் போடலாம். அதோடு நிற்க வேண்டியதில்லை. 14-ஆவது வாரத்தில் போட்டிருக்க வேண்டிய போலியோ ஊசியையும் நிமோனியா தடுப்பூசியையும் அன்றைக்கே சேர்த்துப் போடலாம். அவை இரண்டுக்கும் முதல் டோஸிலிருந்து எட்டு வாரம் கடந்திருக்க வேண்டும். இந்தக் குழந்தைக்கு அது எப்போதோ கடந்துவிட்டது. பென்டா இடது தொடையில், நிமோனியா ஊசி வலது தொடையில், போலியோ ஊசி வலது மேற்கையின் தோலுக்குள். மூன்று குத்து, இரண்டு சொட்டு மருந்து. பாட்டிமார்கள் முகம் சுளிப்பார்கள். ஒரே நாளில் இத்தனையா என்று தயங்கி இரண்டை அடுத்த மாதத்துக்குத் தள்ளினால், பின்தங்கிய குழந்தை இன்னும் பின்தங்கும் என்பதைத் தவிர வேறு பலன் இல்லை.

அங்கிருந்து சரியாக நான்கு வாரம் எண்ணினால் செப்டம்பர் 9. பென்டா, போலியோ சொட்டு, ரோட்டா ஆகியவற்றின் மூன்றாம் டோஸ். அக்டோபர் 5-ஆம் தேதி ஒன்பது மாதம் நிறைகிறது. 7-ஆம் தேதி புதன்கிழமை தட்டம்மை–ரூபெல்லா ஊசி, போலியோ ஊசியின் மூன்றாம் டோஸ், வைட்டமின் ஏ. நிமோனியா தடுப்பூசியின் பூஸ்டருக்கும் அன்றோடு எட்டு வாரம் ஆகிவிடுகிறது. ஆக, ஐந்து மாதம் பின்தங்கிய குழந்தை மூன்றே வருகைகளில் தன் வயதுக் குழந்தைகளோடு சேர்ந்துவிட்டது.

இது ஏதோ சலுகை அல்ல. உடம்பு வேலை செய்யும் விதமே அப்படி. முதல் டோஸைக் கண்டதும், அந்த நோய்க்கிருமியின் அடையாளத்தை வைத்திருக்கும் நினைவு அணுக்கள் உருவாகின்றன. ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளின் அளவு மாதங்கள் போகப் போகக் குறையலாம், ஆனால் அந்த நினைவு அணுக்கள் தங்கிவிடுகின்றன. அடுத்த டோஸ் இரண்டு மாதத்தில் வந்தாலும் ஆறு மாதத்தில் வந்தாலும் அவை விழித்துக்கொண்டு பெருகுகின்றன. இடைவெளி நீண்டதால் விளைச்சல் குறைவதில்லை. குறைவது இடைவெளி சுருங்கினால்தான். முதல் டோஸின் வேலை முடியுமுன் இரண்டாவதைப் போட்டால் அதற்கு உரிய பலன் கிடைக்காது. பென்டா டோஸ்களுக்கு இடையே குறைந்தது நான்கு வாரம் என்ற விதி அதற்காகத்தான். ‘ஊருக்குப் போறோம், பத்து நாள் முன்னாடியே போட்டுடுங்க’ என்று கேட்டால் செவிலியர் மறுப்பதற்கும் இதுவே காரணம்.

அப்படியானால் தாமதத்தால் ஒன்றும் நஷ்டமில்லையா? உண்டு. நஷ்டம் தடுப்பூசிக்கு அல்ல, குழந்தைக்கு. மேலே சொன்ன குழந்தை மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஒரே ஒரு டோஸ் பாதுகாப்போடு ஊர் சுற்றியிருக்கிறது. அந்த மாதங்களைப் பின்னால் எந்த ஊசியாலும் திருப்பிக் கொடுக்க முடியாது. அவை எவ்வளவு ஆபத்தானவை என்பது நோய்க்கு நோய் மாறும்.

பென்டாவில் அடங்கிய ஐந்து நோய்களில் கக்குவான் இருமலைப் பற்றித்தான் மருத்துவர்களுக்கு அதிகக் கவலை. பெரியவர்களுக்கு அது வாரக்கணக்கில் நீளும் இருமல், அவ்வளவுதான். இரண்டு மூன்று மாதக் குழந்தைக்கோ இருமலே வராமல்கூடப் போகலாம். திடீரென மூச்சு நின்று உடம்பு நீலம் பாரிக்கும். காய்ச்சலும் பெரிதாக இருக்காது. இந்த நோயால் நேரும் சாவுகளில் பெரும்பாலானவை வாழ்வின் முதல் சில மாதங்களில்தான். அதனால் ஆறு வாரத் தவணை இரண்டு மாதம் தள்ளிப்போவதும், கடைசித் தவணை இரண்டு மாதம் தள்ளிப்போவதும் ஒன்றல்ல. முன்னதுதான் மோசம். குழந்தைக்கு ஆறு வாரம் ஆனபின் தொடங்கும் பயணமென்றால், முதல் தவணையையாவது போட்டுக்கொண்டு கிளம்புங்கள் என்பதே என் கட்சி.

தட்டம்மையின் கணக்கு வேறு. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் முதல் மாதங்களில் குழந்தையைக் காக்கிறது, பிறகு கரைகிறது. அது மீந்திருக்கும்போது ஊசி போட்டால் தடுப்பூசியையே அது அழித்துவிடும். ஒன்பது மாதம் வரை காத்திருப்பது அதனால்தான். நோய் பரவும் இடங்களில் ஆறாவது மாதத்திலேயே போடுவதும் உண்டு. 2022-இல் மும்பையில் தட்டம்மை பரவியபோது மத்திய அரசு அப்படி ஒரு டோஸுக்கு வழிகாட்டியது. அமெரிக்காவிலும் வெளிநாடு செல்லும் ஆறு மாதக் குழந்தைக்கு முன்கூட்டியே ஒன்று போடுவார்கள். இந்த முன்கூட்டிய டோஸ் கணக்கில் சேராது. வழக்கமான இரண்டையும் மறுபடி போட்டாக வேண்டும். ஒன்பதாம் மாதம் தவறியவர்களுக்கு ஐந்து வயது வரை அரசுத் திட்டத்தில் இந்த ஊசி கிடைக்கிறது.

ஈடுகட்டவே முடியாத தாமதம் ஒன்று உண்டென்றால் அது பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் மஞ்சள் காமாலை பி ஊசி. தாய்க்கு அந்தக் கிருமி இருந்தால் பிரசவத்தின்போதே குழந்தைக்குத் தொற்றும். அப்படித் தொற்றிய பச்சிளங்குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அது வாழ்நாள் தொற்றாக நிலைத்துவிடுகிறது. இங்கே தாமதத்தை மணிக்கணக்கில்தான் எண்ண வேண்டும்.

சில தடுப்பூசிகளுக்குக் கதவு அடைபடும் வயதும் இருக்கிறது. அரசுத் திட்டத்தில் பி.சி.ஜி. ஒரு வயது வரைதான். பென்டா, ரோட்டா, நிமோனியா தடுப்பூசி மூன்றையும் ஒரு வயதுக்குள் தொடங்கியிருந்தால், பிறகும் வந்து மீதியை முடிக்கலாம். ஒரு டோஸ்கூட விழாமல் ஒரு வயது கடந்துவிட்டால் பென்டாவுக்குப் பதில் டி.பி.டி. ஊசி போடுவார்கள். அதில் தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி மூன்றுக்கு மட்டுமே பாதுகாப்பு. மஞ்சள் காமாலை பி முதலிய மற்றவற்றுக்குக் குழந்தை மருத்துவரிடம் தனியாகக் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

ரோட்டாவின் வயது வரம்பு நாட்டுக்கு நாடு மாறுவது வெளிநாடு போய்வரும் குடும்பங்களைக் குழப்பும். அமெரிக்காவில் 15 வாரத்துக்குள் தொடங்கி எட்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும், தாண்டினால் போடமாட்டார்கள். குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் அரிய கோளாறு பற்றிய எச்சரிக்கையே காரணம். வயிற்றுப்போக்கால் குழந்தைகள் அதிகம் சாகும் நாடுகளில் அந்தக் கண்டிப்பு நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்யும் என்று கணக்கிட்டு, உலக சுகாதார நிறுவனம் 2013-இல் அந்த வரம்பைத் தளர்த்தச் சொன்னது. அதனால் அங்கே ‘காலம் கடந்தது’ என்று சொல்லப்பட்ட எட்டு மாதக் குழந்தைக்கு இங்கே சொட்டு மருந்து கிடைக்கலாம். இரண்டு மருத்துவர்களில் யாரும் தவறு செய்யவில்லை.

இனி நோய். மூக்கொழுகல், சளி, லேசான காய்ச்சல், லேசான பேதி, ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டுக்கொண்டிருப்பது: இவற்றில் எதுவும் தடுப்பூசியைத் தள்ளிவைக்கக் காரணமல்ல. நடைமுறையில் பல தாமதங்கள் இவற்றால் வருகின்றன. கடும் காய்ச்சலோ, ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவு நோயோ இருந்தால் மட்டும் தேறும்வரை பொறுக்கலாம். தேறியபின் ‘உடம்பு தெளியட்டும்’ என்று மாதக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே மருத்துவரிடம் கேட்டுவிடலாம்.

ஆனால் என்ன சிகிச்சை நடந்தது என்பதைச் செவிலியரிடம் சொல்லியாக வேண்டும். குழந்தைக்கு ரத்தமோ இம்யூனோகுளோபுலினோ ஏற்றியிருந்தால், அதில் வந்த பிறருடைய எதிர்ப்புப் பொருள் தட்டம்மைத் தடுப்பூசியைச் செயலிழக்கச் செய்துவிடும். எதை எவ்வளவு ஏற்றினார்கள் என்பதைப் பொறுத்து மாதங்கள் காத்திருக்க வேண்டும். கவாசாகி நோய்க்காக இம்யூனோகுளோபுலின் பெற்ற குழந்தைக்கு அது 11 மாதம்வரை போகும். பென்டாவுக்கு இந்தத் தடை இல்லை. மூச்சிரைப்புக்கு நாலைந்து நாள் கொடுக்கும் ஸ்டீராய்டு பிரச்சினையில்லை. அதிக அளவில் இரண்டு வாரமோ அதற்கு மேலோ கொடுத்திருந்தால், உயிருள்ள கிருமி அடங்கிய தடுப்பூசிகளை ஒரு மாதமாவது தள்ளிவைப்பார்கள். முந்தைய டோஸுக்குப் பின் கடும் ஒவ்வாமையோ வலிப்போ வந்திருந்தால் அடுத்ததைப் போடுமுன் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சீட்டைத் தடுப்பூசி அட்டையோடு சேர்த்துக் கொண்டுபோனால் இதெல்லாம் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். வெளிநாட்டு அட்டையானால், அங்கே பல நாடுகளில் போடும் ஆறு நோய்களுக்கான கூட்டு ஊசி இங்கே பென்டாவாகவும் போலியோ ஊசியாகவும் கணக்கில் சேரும். அமெரிக்காவில் பிறந்த குழந்தையின் அட்டையில் பி.சி.ஜி. இருக்காது, ஒரு வயதுக்குள் வந்தால் இங்கே போட்டுக்கொள்ளலாம். அட்டையே தொலைந்திருந்தால், பதிவு செய்த கைபேசி எண்ணைக் கொண்டு யு-வின் தளத்திலோ, கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டிலோ தேடலாம். அங்கும் இல்லாத டோஸைப் போடாததாகவே எடுத்துக்கொண்டு வயதுக்கேற்பத் தொடருவார்கள்.