பட்டாணி அளவு களிம்பும் பொடி எழுத்தும்

மருந்துக்கடையில் போய் “வாய்ப்புண்ணுக்கு ஒரு ட்யூப் குடுங்க” என்றால் கையில் வருவது எதுவாகவும் இருக்கலாம். விரல் நீளம், பத்துக் கிராம், பல் படம் போட்ட அட்டை. எல்லாம் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். பெரிய எழுத்தில் கம்பெனி வைத்த பெயர். உள்ளே இருக்கும் மருந்தின் பெயரோ அதற்குக் கீழே பொடி எழுத்தில். படிக்க வேண்டியது அந்தப் பொடி எழுத்தைத்தான்.

லிக்னோகெய்ன், பென்சோகெய்ன் என்று ‘கெய்ன்’ என முடியும் பெயர் இருந்தால் அது மரக்கச் செய்யும் மருந்து. எரிச்சலைக் கொஞ்ச நேரம் மறக்கடிக்கும், புண்ணை ஆற்றாது. தடவிய உடனே சுடச்சுட ரசம் குடித்தால் நாக்கு வெந்தாலும் தெரியாது. கன்னத்தைக் கடித்தாலும் தெரியாது. மரப்பு விட்ட பிறகுதான் சாப்பாடு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பல் முளைக்கிறது என்று பென்சோகெய்ன் தடவவே கூடாது. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனையே அது அபூர்வமாகக் குலைத்துவிடும்.

கோலின் சாலிசிலேட் என்றிருந்தால் அது ஆஸ்பிரினின் உறவு, வலியைக் குறைப்பது. பிரிட்டனில் 2009 முதல் பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இதைத் தடவ வேண்டாம் என்கிறார்கள்.

குளோர்ஹெக்சிடின், மெட்ரோனிடசோல் இரண்டும் கிருமிக்கானவை. ஈறு வீங்கி, பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறவருக்கு ஏற்றது இந்த ட்யூப். ஆனால் பல்லில் காரை படிந்திருந்தால் அதைச் சுரண்டி எடுக்காமல் ஜெல்லை மட்டும் பூசுவது குப்பை மேல் பினாயில் ஊற்றுவதுதான்.

அதிகம் தவறாகப் பயன்படுவது டிரையம்சினோலோன் 0.1% பசை. இது ஸ்டீராய்டு. அட்டையில் சிவப்புக் கோடு இருக்கும். டாக்டர் சீட்டுக்குத்தான் தர வேண்டும். கீழுதட்டின் உட்புறம் துவரம்பருப்பு அளவில், நடுவில் வெளுத்து, சுற்றிலும் சிவந்து வரும் சாதாரணப் புண்ணுக்கு நன்றாகக் கேட்கும். இரவு பல் துலக்கியபின் புண்ணைச் சுத்தமான துணியால் ஒற்றி, சிறு துளி பசையை மேலே ஒட்ட வையுங்கள். தேய்க்காதீர்கள். தேய்த்தால் மணல்போலத் திரிந்து உதிரும். ஒட்ட வைத்தால் வழவழப்பான படலமாகித் தங்கும்.

அதே பசையை உதட்டோரம் கொப்புளமாக வரும் அக்கிப் புண்ணிலோ, நாக்கில் தயிர்த்திட்டுபோலப் படியும் பூஞ்சையிலோ தடவினால் நோய்தான் பரவும். ஸ்டீராய்டு வீக்கத்தை அடக்குவது, அந்த இடத்தின் எதிர்ப்பை அடக்கித்தான். நீரிழிவுக்காரர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

ஒரு வாரம் பசை போட்டும் ஆறவில்லையென்றால் டாக்டரிடம் காட்டுங்கள். மூன்று வாரம் தாண்டிய புண், அதுவும் விளிம்பு தடித்து, வலியே இல்லாமல், புகையிலை போடுகிறவர் வாயில் இருந்தால் அடுத்த ட்யூப் வாங்க வேண்டாம். பல் மருத்துவரிடம் அன்றைக்கே போங்கள்.