பில் பணம் வரவில்லை, தவணை நாள் வந்துவிட்டது

சரக்கு அனுப்பி நான்கு மாதமாகியும் பணம் வராத பட்டறைக்காரர் முதலில் வாடிக்கையாளருக்குப் போன் அடிக்கிறார். அடுத்து, வங்கித் தவணையைக் கட்ட எங்காவது கைமாற்று வாங்குகிறார். அதுவும் முடியாதபோதுதான் வங்கியின் படியேறுகிறார். பல சிறு தொழில்களைச் சாய்ப்பது இந்த வரிசைதான். வங்கிக்கு முதலில் போக வேண்டும், அதுவும் எழுத்தில் போக வேண்டும். ஏன் என்பதை ஒரு கணக்கோடு பார்ப்போம்.

கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கும் ஒரு பட்டறை என்று வைத்துக்கொள்வோம். சி.என்.சி. இயந்திரங்கள் வாங்க 60 லட்சம் ரூபாய் டேர்ம் லோன். வட்டி ஆண்டுக்கு 10.5 சதவீதம், ஐந்து வருடத் தவணை. மாதம் சுமார் 1,29,000 ரூபாய் கட்ட வேண்டும். இரண்டு வருடம் பிசகாமல் கட்டியாகிவிட்டது. அசல் பாக்கி சுமார் 39.7 லட்சம். இதோடு அன்றாடச் செலவுக்கு 30 லட்சம் ரூபாய் வரம்புள்ள சி.சி. கணக்கு ஒன்றும் அதே வங்கியில் இருக்கிறது. விற்பனையில் பாதிக்கு அருகில் வாங்கும் பெரிய வாடிக்கையாளர் ஒருவர், தனக்கு வர வேண்டிய பணம் வரவில்லை என்று சொல்லி, 24 லட்சம் ரூபாயை நிறுத்தி வைத்துவிடுகிறார். பணம் வந்தாலும் வராவிட்டாலும் அந்த பில்களுக்கான ஜி.எஸ்.டி.யைப் பட்டறை கட்டியாக வேண்டும், கட்டியும் விட்டது.

இந்த இடத்தில் பெரும்பாலோர் டேர்ம் லோன் தவணையை மட்டுமே பார்க்கிறார்கள். உண்மையில் அடி முதலில் விழுவது சி.சி. கணக்கில். மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை வைத்து வங்கி டிராயிங் பவர் கணக்கிடுகிறது. 90 நாளைத் தாண்டிய வசூல் பாக்கியைப் பெரும்பாலான வங்கிகள் அதில் சேர்ப்பதில்லை. நம் பட்டறைக்கு மொத்த வசூல் பாக்கி 44 லட்சம். அதில் 24 லட்சம் 90 நாளைத் தாண்டிவிட்டதால் 20 லட்சம்தான் கணக்கில் வரும். சப்ளையர்களுக்குக் கொடுக்க வேண்டியது போக சரக்கு 8 லட்சம். இரண்டும் சேர்ந்த 28 லட்சத்தில் 25 சதவீத மார்ஜின் கழித்தால் எடுக்கத் தகுதியான தொகை 21 லட்சம். ஆனால் சி.சி.யில் ஏற்கெனவே எடுத்திருப்பது 28 லட்சம். ஒரு ரூபாய்கூடப் புதிதாக எடுக்காமலே கணக்கு 7 லட்சம் மீறலில் நிற்கிறது.

அந்த மீறல் தொடர்ந்து 90 நாள் நீடித்தால் சி.சி. கணக்கு வாராக்கடனாகும். வாராக்கடன் என்று முடிவு செய்வது கடனாளி வாரியாக, கணக்கு வாரியாக அல்ல. ஒரு கணக்கு கெட்டால், தவணை ஒழுங்காகக் கட்டிவந்த டேர்ம் லோனும் கூடவே வாராக்கடனாகிவிடும். எனவே வங்கியிடம் வைக்கும் கோரிக்கை இரண்டு கணக்கையும் சேர்த்தே இருக்க வேண்டும். டேர்ம் லோனுக்கு மட்டும் அவகாசம் வாங்கிவிட்டு சி.சி. மீறலைச் சொல்லாமல் விட்டவர்கள், சில மாதங்களில் மறுபடியும் அதே மேசைக்கு முன்னால் உட்கார நேர்கிறது.

நாட்கணக்கையும் தெரிந்துகொள்ள வேண்டும். தவணை தேதியன்று இரவு வங்கி கணக்கை முடிக்கும்போது முழுத்தொகை வரவில்லையென்றால் அன்றே கணக்கு எஸ்.எம்.ஏ.-0 என்ற கண்காணிப்பு நிலைக்குப் போகிறது. 30 நாள் தாண்டினால் எஸ்.எம்.ஏ.-1, 60 நாள் தாண்டினால் எஸ்.எம்.ஏ.-2, 90 நாள் தாண்டினால் என்.பி.ஏ. என்கிற வாராக்கடன். முன்பெல்லாம் வாராக்கடனான பிறகும் ஒன்றிரண்டு தவணையைக் கட்டி மேலே வந்துவிடலாம் என்ற நினைப்பு இருந்தது. பாக்கி வட்டியும் அசலும் முழுவதுமாகக் கட்டினால்தான் கணக்கை மீண்டும் நல்ல கணக்காக மாற்றலாம் என்று ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

சிறு, குறு, நடுத்தரத் தொழில்களின் புத்துயிர்ப்புக்கென்று மத்திய அரசு 2015 மே மாதம் ஒரு நெறிமுறையை அறிவித்தது. அதையொட்டி ரிசர்வ் வங்கி 2016 மார்ச்சில் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. 25 கோடி ரூபாய் வரை கடன் உள்ள தொழில்களுக்கு இது பொருந்தும். இனி கட்ட முடியாமல் போகலாம் என்ற நியாயமான அச்சம் இருந்தாலே, தவணை தவறும் முன்பேகூட, தொழில் நடத்துபவர் தானாக மனு கொடுக்கலாம். 10 லட்சம் வரையிலான கடன் என்றால் கிளை மேலாளரே முடிவெடுக்கலாம். அதற்கு மேல் என்றால் வங்கியின் குழுவுக்குப் போகும். அதில் வங்கி அதிகாரிகளோடு வெளியிலிருந்து ஒரு நிபுணரும் மாநில அரசின் பிரதிநிதியும் இருப்பார்கள்.

இந்த நெறிமுறை வங்கிகளைக் கட்டுப்படுத்தும் என்று 2024 ஆகஸ்டில் ப்ரோ நிட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு தொழில் நடத்துபவரின் கடமையையும் சொன்னது: கணக்கு வாராக்கடனாகும் முன்பே, தான் இந்த வகைத் தொழில் என்பதற்கான ஆவணங்களோடு அவர் வங்கியை அணுக வேண்டும். சொத்தை ஏலம் விடும் நடவடிக்கை முற்றும்வரை பேசாமல் இருந்துவிட்டு, பிறகு இந்தப் பாதுகாப்பைக் கேட்க முடியாது. உத்யம் பதிவுச் சான்று கோப்பில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

சரி, என்ன கேட்பது? நெறிமுறையில் மூன்று வழிகள் உண்டு: சீர்செய்தல், மறுசீரமைப்பு, வசூல். முதல் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வங்கியில் யாரும் உட்காரவைத்து விளக்குவது அரிது. சீர்செய்தல் என்பது, இன்ன தேதிக்குள் இன்ன பணம் வரும், பாக்கியைக் கட்டிவிடுகிறேன் என்று உறுதி கொடுத்து, கடன் நிபந்தனைகளை மாற்றாமலே கணக்கை நேராக்குவது. தேவையென்றால் வங்கி கூடுதல் கடனும் தரலாம். மறுசீரமைப்பு என்பது தவணைக் காலத்தையும் தொகையையும் மாற்றுவது. கொரோனா காலத்தில் கணக்கின் தரம் கெடாமலே மறுசீரமைக்கச் சிறப்புச் சலுகை இருந்தது. அது 2021 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. இப்போதைய பொது விதிப்படி, கடனாளியின் நெருக்கடிக்காக நிபந்தனையை மாற்றினால் அந்தக் கணக்கு வாராக்கடன் பட்டியலில் சேரும். சிபில் பதிவிலும் அது தெரியும். மேலாளர் தயங்குவதற்கு முக்கியக் காரணம் இதுதான். அவருக்கு நம்மீது கோபம் எதுவும் இல்லை.

ஆகவே என் யோசனை இது. தடைபட்ட பணம் இரண்டு மூன்று மாதத்தில் வந்துவிடும் என்பதற்கு வாடிக்கையாளரின் எழுத்துபூர்வமான ஒப்புதல் கையில் இருந்தால் சீர்செய்தலைக் கேளுங்கள். வியாபாரத்தின் அளவே குறைந்துபோய், பழைய தவணையை இனி தாங்காது என்றால் மட்டும் மறுசீரமைப்பைக் கேளுங்கள்.

நம் பட்டறை இரண்டாவது நிலையில் இருக்கிறது. பணம் தராதவருக்குச் சரக்கைக் குறைத்துவிட்டதால், எல்லாச் செலவும் போக முன்பு மாதம் 1.75 லட்சம் மிஞ்சிய இடத்தில் இப்போது 60 ஆயிரம்தான் மிஞ்சுகிறது. கையில் உள்ள வேறு ஆர்டர்களை வைத்துப் பார்த்தால் ஆறு மாதத்தில் அது 1.35 லட்சமாக உயரும். எனவே முதல் ஆறு மாதம் வட்டி மட்டும். டேர்ம் லோனுக்கும், தனிக் கடனாக மாற்றக் கேட்கும் 7 லட்ச மீறலுக்கும் சேர்த்து அது சுமார் 41 ஆயிரம். தாங்கும். அதன்பின் டேர்ம் லோனை 60 மாதமாக நீட்டினால் தவணை சுமார் 85,300. மீறல் தொகையை 36 மாதத்தில் கட்டினால் சுமார் 22,800. மொத்தம் 1,08,000. மிஞ்சும் 1.35 லட்சம் இதைப் போல 1.25 மடங்கு; வங்கிகள் சாதாரணமாக எதிர்பார்க்கும் பாதுகாப்பு இந்த அளவில்தான் இருக்கும். டேர்ம் லோனை 48 மாதத்தில் முடிக்கிறேன் என்று பெருமைக்குக் கேட்டால் மொத்தத் தவணை 1.24 லட்சமாகிவிடும். ஒரு மாதம் வசூல் சறுக்கினாலும் மறுபடி தவறிவிடும். இரண்டாவது முறை தவறுவதை எந்த வங்கியும் மன்னிப்பதில்லை.

இதற்கு விலையும் உண்டு. பழைய கணக்கில் டேர்ம் லோனுக்கு இன்னும் கட்ட வேண்டியிருந்தது சுமார் 46.4 லட்சம். புதிய ஏற்பாட்டில் அது 53.2 லட்சம். கிட்டத்தட்ட 6.8 லட்சம் ரூபாய் கூடுதல் வட்டி. இந்தத் தொகையைத் தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட வேண்டும். வேறு வழியாக வசூலைத் துரிதப்படுத்த முடிந்தால் அதையே முதலில் செய்ய வேண்டும்.

மனுவில் கஷ்டத்தை உருக்கமாக எழுதுவதால் பயனில்லை. அதிகாரி தேடுவது மூன்று விஷயங்களை: தாமதம் தற்காலிகமானதா, தொழில் உயிரோடு இருக்கிறதா, பணம் வேறு எங்கும் போகவில்லையா. முதலாவதற்கு, ஒவ்வொரு பில்லுக்கும் எத்தனை நாள் ஆகிறது என்ற பட்டியலும் வாடிக்கையாளரின் கணக்குச் சரிபார்ப்புக் கடிதமும். இரண்டாவதற்கு, கையில் உள்ள ஆர்டர்களும் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்களும் அடுத்த 12 மாத வரவு செலவுக் கணிப்பும். மூன்றாவதற்கு எல்லா வங்கிக் கணக்குகளின் ஸ்டேட்மென்ட். நெருக்கடியில் சிலர் வசூலை வேறு வங்கிக் கணக்குக்குத் திருப்பிவிடுகிறார்கள். சிலர் பழைய பில்லைப் புதிய பில்லாக ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் காட்டுகிறார்கள். இரண்டுமே ஜி.எஸ்.டி. விவரத்தோடு ஒப்பிட்டவுடன் வெளியே வந்துவிடும். அதன்பின் பேச்சு மறுசீரமைப்பைப் பற்றியதாக இருக்காது, மோசடியைப் பற்றியதாகிவிடும்.

பணம் தராத வாடிக்கையாளர்மீது என்ன நடவடிக்கை என்று வங்கி கேட்கும். 2006-ம் ஆண்டுச் சட்டப்படி குறு, சிறு தொழிலிடம் வாங்குபவர், ஒப்பந்தம் எதுவாக இருந்தாலும், சரக்கை ஏற்ற 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. புகார் பதிந்தால் அது வசதிப்படுத்தும் கவுன்சிலுக்குப் போகும். கவுன்சிலின் தீர்ப்பை எதிர்க்க வாங்குபவர் முதலில் 75 சதவீதத் தொகையைக் கட்டியாக வேண்டும். ஆர்டர் போய்விடுமே என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் நான்கு மாதமாகப் பணம் தராதவரின் ஆர்டர் எவ்வளவு பெறும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மனுவை நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு வங்கி முத்திரை வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னது மேலாளர் மாற்றலாகிப் போனதும் காணாமல் போய்விடும். குழு தன் முதல் கூட்டத்திலிருந்து 30 நாளில் முடிவெடுக்க வேண்டும். வசூல்தான் என்று முடிவானால், அது தெரிந்த 10 வேலை நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம்.

மறுசீரமைப்புக்குப் பிறகு கணக்கு எப்போது மீளும் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 25 கோடிக்கும் குறைவான கடன்களுக்கு அந்தச் சோதனைக் காலம் ஒரு வருடம். அது தொடங்குவது மனு ஏற்கப்பட்ட நாளில் அல்ல; நீண்ட அவகாசம் பெற்ற கடனில் வட்டி, அசல் இரண்டில் எது பிந்தித் தொடங்குகிறதோ அந்த முதல் தவணையிலிருந்து. அந்த ஒரு வருடத்தில் எந்தத் தவணையும் 30 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. ஆறு மாத அவகாசம் போதும் என்ற இடத்தில் பன்னிரண்டு மாதம் கேட்டால், வாராக்கடன் பெயரோடு இருக்கும் காலமும் ஆறு மாதம் கூடும்.