51 சதவீதத்துக்கும் 49 சதவீதத்துக்கும் இடையே காணாமல் போகும் கடன்

2025 ஜனவரி 1 முதல் ஐடிசியின் ஹோட்டல் தொழில் தனி நிறுவனமாகப் பிரிந்தது. அதுவரை அறை வாடகை, உணவு விற்பனை, ஊழியர் சம்பளம் என்று எல்லாமே ஐடிசியின் கணக்கில் வரிவரியாகச் சேர்ந்துகொண்டிருந்தன. பிரிந்தபின் ஐடிசி ஹோட்டல்ஸில் சுமார் 40 சதவீதப் பங்கு மட்டும் ஐடிசியிடம் உள்ளது. மீதி ஐடிசியின் பங்குதாரர்களுக்கு நேரடியாகப் போய்விட்டது. இப்போது அந்த ஹோட்டல்களின் வருமானம் ஐடிசியின் விற்பனையில் சேர்வதில்லை. லாபத்தில் ஐடிசிக்குரிய பங்கு மட்டும், 'இணை நிறுவனங்களின் லாபத்தில் பங்கு' என்ற ஒற்றை வரியில் வருகிறது.

எது துணை, எது இணை?

ஒரு நிறுவனத்தின் முக்கிய முடிவுகளை எடுக்கும் அதிகாரம் உங்களிடம் இருந்தால் அது துணை நிறுவனம். பெரும்பாலும் 50 சதவீதத்துக்கு மேற்பட்ட வாக்குரிமை இதற்கு அடையாளம். முடிவை நீங்களே எடுக்க முடியாது, ஆனால் உங்கள் பேச்சுக்கு அங்கே எடை உண்டு என்றால் அது இணை நிறுவனம். 20 சதவீதம் அல்லது அதற்கு மேல் வாக்குரிமை இருந்தால், மாறாக நிரூபிக்கப்படாதவரை அந்தச் செல்வாக்கு இருப்பதாகவே கணக்கியல் விதி எடுத்துக்கொள்கிறது.

துணை நிறுவனத்தின் சொத்து, கடன், விற்பனை, செலவு ஆகியவற்றை முழுவதுமாகத் தாய் நிறுவனத்தின் கணக்கோடு சேர்க்க வேண்டும். பிறருக்குச் சொந்தமான பங்கைக் கடைசியில் பிரித்துக் காட்டுவார்கள். இணை நிறுவனத்துக்கு ஈக்விட்டி முறை: போட்ட முதலீட்டில் தொடங்கி, ஆண்டுதோறும் லாபத்தில் நம் பங்கைக் கூட்டி, கிடைத்த டிவிடெண்டைக் கழித்து, ஒரே தொகையாகக் காட்டுவது.

ஒரு கணக்கு

தாய் நிறுவனத்தின் சொந்த விற்பனை 2,000 கோடி ரூபாய், லாபம் 200 கோடி, கடன் 600 கோடி என்று வைத்துக்கொள்வோம். அது பங்கு வைத்திருக்கும் இன்னொரு நிறுவனத்துக்கு விற்பனை 1,000 கோடி, லாபம் 100 கோடி, கடன் 500 கோடி. இரண்டுக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் இல்லை.

பங்கு 51 சதவீதமாக இருந்து, கட்டுப்பாடும் இருந்தால், ஒருங்கிணைந்த கணக்கில் விற்பனை 3,000 கோடி, கடன் 1,100 கோடி. மொத்த லாபம் 300 கோடி. அதில் பிற பங்குதாரர்களின் 49 கோடி போக, தாய் நிறுவனத்தின் பங்குதாரர்களுக்கு 251 கோடி.

பங்கு 49 சதவீதமாகி, கட்டுப்பாடும் போய்விட்டால், விற்பனை 2,000 கோடி, கடன் 600 கோடி. லாபம் 249 கோடி. லாபம் குறைந்தது 2 கோடிதான். கணக்கிலிருந்து மறைந்த கடனோ 500 கோடி! விற்பனையில் லாப விகிதமும் உயர்ந்து தெரியும். காரணம், இணை நிறுவனத்தின் லாபம் கணக்கில் வருகிறது, அதன் விற்பனை வருவதில்லை.

கோகோ கோலா 1986-இல் தன் பாட்டிலிங் தொழிலைத் திரட்டி 'கோகோ கோலா என்டர்பிரைசஸ்' என்ற நிறுவனமாக்கி, 51 சதவீதத்தைப் பொதுமக்களுக்கு விற்று 49 சதவீதத்தை வைத்துக்கொண்டது. ஆலை, லாரி என்று முதலீடும் கடனும் அதிகம் தேவைப்படும் தொழில் அது. ஈக்விட்டி முறையால் அந்தக் கடன் கோகோ கோலாவின் இருப்புநிலைக் குறிப்பில் ஏறவில்லை. 2010-இல் என்டர்பிரைசஸின் வட அமெரிக்கத் தொழிலைக் கோகோ கோலா திரும்ப வாங்கியபோது, அதற்குரிய கடனும் சேர்ந்தே வந்தது.

எங்கே ஏமாறுவோம்?

முதலாவது, ரொக்கம். மேலே சொன்ன இணை நிறுவனம் மொத்தம் 20 கோடிதான் டிவிடெண்ட் தருகிறது என்றால், லாபத்தில் 49 கோடியைக் காட்டும் தாய் நிறுவனத்தின் கைக்கு வருவது 9.8 கோடி மட்டுமே. எனவே லாபத்தை ரொக்க ஓட்டக் கணக்கோடு ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது, பிரியும்போது எழும் ஒருமுறை லாபம். 2025 ஜனவரி–மார்ச் காலாண்டில் ஐடிசியின் லாபத்தில் 15,000 கோடி ரூபாய்க்கு மேல் ஹோட்டல் பிரிவினையால் எழுந்தது. ஹோட்டல் தொழிலின் அன்றைய மதிப்புக்கும் ஏட்டு மதிப்புக்கும் உள்ள வித்தியாசம் அது. பணமாக வந்ததல்ல, அடுத்த காலாண்டில் திரும்ப வரப்போவதும் அல்ல.

மூன்றாவது, நஷ்டம். இணை நிறுவனம் தொடர்ந்து நஷ்டப்பட்டால், முதலீட்டுத் தொகை பூஜ்யம் ஆகும்வரைதான் தாய் நிறுவனம் தன் பங்கை ஏற்கும். பிறகு எவ்வளவு நஷ்டம் வந்தாலும் கணக்கில் ஏறாது. ஆனால் அதன் கடனுக்குத் தாய் நிறுவனம் உத்தரவாதம் கொடுத்திருந்தால் நிலைமை வேறு, அந்தப் பொறுப்பு அளவுக்கு நஷ்டத்தை ஏற்றாக வேண்டும்.

ஆகவே ஆண்டறிக்கையைப் பார்ப்பவர்கள் இரண்டு இடங்களைத் தேடலாம். முக்கியமான இணை நிறுவனங்களின் சொத்து, கடன் சுருக்கம் கணக்குக் குறிப்புகளில் இருக்கும். தாய் நிறுவனம் கொடுத்த உத்தரவாதங்கள் 'எதிர்பாராப் பொறுப்புகள்' குறிப்பில் இருக்கும். இரண்டாவதில் தொகை பெரிதாக இருந்தால், அந்தக் கடனைத் தாய் நிறுவனத்தின் கடனோடு கூட்டிப் பார்த்துவிட்டே பங்கின் விலையை எடைபோட வேண்டும்.