பெர்ரிக்குக் காத்திருப்பவரின் கணக்கு

பினாங்குத் தீவையும் எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்தையும் இணைக்கும் பெர்ரிப் போக்குவரத்து 1894-ஆம் ஆண்டில் தொடங்கியது. 1985-இல் பாலம் திறக்கப்பட்ட பின்னரும் அது நின்றுவிடவில்லை. பழைய இரண்டடுக்குப் பெர்ரிகள் 2020-ஆம் ஆண்டின் இறுதியோடு பயணிகளை ஏற்றுவதை நிறுத்தின. 2023 ஆகஸ்டு முதல் புதிய பெர்ரிகள் ஓடுகின்றன. இத்தகைய துறைகளில் காத்து நிற்போரிடம் வழக்கமாக ஒரு முறையீடு உண்டு. சராசரியாக இருபது நிமிடத்துக்கு ஒன்று புறப்படுகிறதென்று சொன்னாலும், தாம் வந்து நிற்கும் வேளையில் மட்டும் இடைவெளி நீண்டுவிடுகிறது என்பர். அது வெறும் பொறுமையின்மை அன்று. அதன் பின்னே ஒரு கணக்கு இருக்கிறது.

முதலில் சிறிய எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்க. ஒரு பெர்ரி புறப்பட்டுப் பத்து நிமிடங்களில் இரண்டாவதும், அதன் பின் முப்பது நிமிடங்களில் மூன்றாவதும் புறப்படுகின்றன. இடைவெளிகள் இரண்டு, அவற்றின் சராசரி 20 நிமிடம். இந்த நாற்பது நிமிடத்துள் ஏதோ ஒரு நேரத்தில் ஒருவர் துறைக்கு வருகிறார். அவர் நீண்ட இடைவெளியில் வந்து சேரும் வாய்ப்பு நாற்பதில் முப்பது. குறுகிய இடைவெளியில் வந்து சேரும் வாய்ப்பு நாற்பதில் பத்துதான். இடைவெளி எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு அது பயணிகளைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. துறை அலுவலர் இடைவெளிகளை எண்ணுகிறார். பயணியோ இடைவெளிக்குள் வந்து விழுகிறார். இவ்விரு எண்ணிக்கைகளும் ஒன்றல்ல.

உண்மையில் இடைவெளி பத்து அல்லது முப்பது என்று இரண்டாக மட்டும் இராது. கணக்குக்காக, அது 10 நிமிடத்துக்கும் 30 நிமிடத்துக்கும் இடையே எந்த அளவாகவும் சம வாய்ப்புடன் அமையலாம் என்று கொள்க. அளவுகள் எண்ணற்றவையாதலால், ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியே ஒரு நிகழ்தகவு கொடுக்க இயலாது. இங்கேதான் நிகழ்தகவு அடர்த்தி என்னும் கருத்து வேண்டியதாகிறது. அடர்த்தியை ஒரு வளைகோடாக வரைந்தால், அக்கோட்டின் உயரம் நிகழ்தகவு ஆகாது. இரண்டு எல்லைகளுக்கு நடுவே கோட்டின் கீழ் அமையும் பரப்பே நிகழ்தகவு. அப்பரப்பைக் காண்பதற்கே தொகையீடு துணை புரிகிறது.

பயணி வந்து விழும் இடைவெளியின் நீளத்தை x நிமிடம் என்க. மேலே கண்டபடி நீண்ட இடைவெளிக்கு அதன் நீளத்துக்கேற்ப வாய்ப்பு மிகுதி. ஆகவே அடர்த்தி இவ்வாறு அமையும்:

f(x) = kx, 10 ≤ x ≤ 30

இந்த எல்லைக்கு வெளியே அடர்த்தி 0. இதில் k என்னும் மாறிலி இன்னும் தெரியாதது. அதைக் காண ஒரே நிபந்தனை போதும். பயணி ஏதேனும் ஓர் இடைவெளியில் வந்தே தீரவேண்டுமாதலால் மொத்தப் பரப்பு 1 ஆக வேண்டும்.

∫ kx dx (10 முதல் 30 வரை) = k(900 − 100)/2 = 400k = 1

எனவே k = 1/400. மாணவர் வழக்கமாகத் தவறுமிடம் இதுவே. x என்றதும் கீழெல்லையை 0 என்று எடுத்துக்கொள்வோர் k = 1/450 என்று காண்பர். அம்மதிப்பை வைத்து 10 முதல் 30 வரை மீண்டும் தொகையிட்டால் 400/450, அதாவது 8/9 வரும். ஒன்பதில் ஒரு பங்கு நிகழ்தகவு காணாமற் போனது அப்போது வெளிப்படும். மாறிலியைக் கண்டதும் மொத்தத்தை ஒருமுறை சரிபார்ப்பது இதனாலேயே நல்ல பழக்கம்.

இனிச் சராசரி. ஒவ்வோர் அளவையும் அதன் அடர்த்தியால் பெருக்கித் தொகையிட வேண்டும்.

∫ x · (x/400) dx (10 முதல் 30 வரை) = (27000 − 1000)/1200 = 65/3

இது 21 நிமிடம் 40 விநாடி. துறை அலுவலரின் ஏட்டில் சராசரி இடைவெளி 20 நிமிடம். பயணியின் அனுபவத்திலோ 21 நிமிடம் 40 விநாடி. இருவர் சொல்வதும் உண்மையே. விடை எப்போதும் 10-க்கும் 30-க்கும் இடையே இருக்க வேண்டும். x-ஆல் பெருக்க மறந்தவருக்கு விடை 1 என்று வரும். அது எல்லைக்கு வெளியே கிடப்பதால் பிழை உடனே தெரியும்.

அடுத்து, பயணி 20 நிமிடத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் சிக்கும் நிகழ்தகவு என்ன? அடர்த்தியை 20 முதல் 30 வரை தொகையிட்டால் போதும்.

(900 − 400)/800 = 5/8

இடைவெளிகளில் பாதிதான் 20 நிமிடத்துக்கு மேற்பட்டவை. ஆனால் பயணிகளில் எட்டில் ஐவர் அவற்றில் அகப்படுகின்றனர். மறுபுறம், 10 முதல் 15 நிமிடம் வரையுள்ள குறுகிய இடைவெளிகள் மொத்தத்தில் கால் பங்கு. அவற்றில் வந்து சேரும் நற்பேறு பெற்றவரோ (225 − 100)/800 = 5/32 பங்கினர், அதாவது ஆறில் ஒருவருக்கும் குறைவு. சரியாக 20 நிமிட இடைவெளியில் விழும் நிகழ்தகவு என்னவென்று கேட்டால் விடை 0. ஒரு புள்ளியின் மேல் பரப்பு இல்லை.

பயணி தம் இடைவெளியின் எந்தப் பகுதியிலும் வந்து சேரலாமாகையால், சராசரியாக அதில் பாதியளவு காத்திருக்கிறார். 65/3-இல் பாதி 10 நிமிடம் 50 விநாடி. பெர்ரிகள் தவறாமல் இருபது நிமிடத்துக்கு ஒன்றாகப் புறப்பட்டிருந்தால் அவர் 10 நிமிடமே நின்றிருப்பார். கூடுதலான 50 விநாடி, பெர்ரிகள் குறைவாக இருந்ததால் வந்ததன்று. அவை ஒழுங்கின்றிப் புறப்பட்டதால் வந்தது.

இக்கணக்குக்கு எல்லை உண்டு. பயணி நேர அட்டவணையைப் பாராமல் வருகிறார் என்பதே இதன் அடிப்படை. புறப்படும் நேரத்தை அறிந்து அதற்குச் சற்று முன்னர் வருபவருக்கு இது பொருந்தாது. பட்டர்வொர்த்தில் இரயிலிலிருந்து இறங்கிக் கூட்டமாக வருவோருக்கும் அப்படியே பொருந்தாது. அவர்கள் வரும் நேரத்தை இரயில் முடிவு செய்கிறது. இடைவெளிகள் சம வாய்ப்புடையவை என்பதும் கொள்கையே. சில நாட்கள் புறப்பாட்டு நேரங்களைக் குறித்துப் பார்த்தால் அது மெய்யா என்பது விளங்கும். வேறு வடிவம் தோன்றினால் kx என்பதற்குப் பதில் அவ்வடிவத்தை x-ஆல் பெருக்கி எழுத வேண்டும்.

வகுப்பில் கொடுக்க ஒரு பயிற்சி: இடைவெளி 0 முதல் 40 நிமிடம் வரை சம வாய்ப்புடன் அமைந்தால் என்னவாகும்? அதன் சராசரியும் 20 நிமிடமே. ஆனால் k = 1/800; பயணி காணும் சராசரி இடைவெளி 80/3 நிமிடம்; காத்திருப்பு 13 நிமிடம் 20 விநாடி. புறப்பட்ட பெர்ரிகளின் எண்ணிக்கை முன்போலவே இருக்க, ஒழுங்கு குலைந்த அளவுக்குத் துறையில் நிற்பவரின் நேரம் வீணாகிறது.