தராசு சரியா? கப் சரியா?

சமையலுக்குத் தராசும் அளவுக் கப்பும் வாங்கப் போகிறீர்களா? 5 கிலோ வரை தாங்கி, 1 கிராம் வித்தியாசத்தையும் காட்டும் தராசு வீட்டுக்குப் போதும். கப் எவர்சில்வரில் இருக்கட்டும். பிளாஸ்டிக் கப் சூட்டில் நெளிந்தால் அளவு மாறிவிடும்.

வாங்கியதும் சோதித்துப் பாருங்கள். காய்கறிக் கடைக்காரரிடம் முத்திரையிட்ட 200 கிராம் எடைக்கல்லைக் கேட்டு வாங்கித் தராசில் வையுங்கள். 200 காட்டினால் தராசு சரி.

அடுத்து, 240 மில்லி கப்பைக் காலியாக வைத்து, பொத்தானை அழுத்தி 0 ஆக்குங்கள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். 1 மில்லி தண்ணீர் 1 கிராம் எடை. ஆகவே 240 காட்ட வேண்டும். 225தான் காட்டுகிறதா? கப் சிறியது!

அரிசிக்கும் தண்ணீருக்கும் அதே கப் என்றால் சோறு கெடாது. மாவைத் தராசில் நிறுத்து, பாலை மட்டும் அந்தக் கப்பால் அளந்தால்தான் கேக் வறண்டுபோகும்.